அத்தை வீட்டில் வெடிக்காத சீடை

சீடை எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று நுரை பொங்கும். சத்தம் மெல்ல அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் சைனிக்புரி வீட்டில் ஒரு வருஷம் முழுக்க அந்தச் சத்தம்தான்...

எம்.காம். முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நேரம். அம்மாவும் நானும் பண்ணிய தட்டை, முறுக்கு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் நன்றாக விற்க ஆரம்பித்தது. உணவுத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணோடு லேபிள்கூட அடித்தாயிற்று. ஆனால் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடவில்லை.

யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறா."

யாராவது வந்தால் பாக்கெட் ஒட்டும் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வாசனையை எங்கே ஒளிப்பது? "என்னடி, உங்க வீட்ல தினமும் பண்டிகையா?" என்பாள் தார்நாகாவில் இருக்கும் அத்தை. நான் அசடு வழியச் சிரிப்பேன்.

கிருஷ்ண ஜெயந்திக்கு சீடை ஆர்டர் குவிந்தது. சீடை பொல்லாதது, கொஞ்சம் அசந்தால் எண்ணெயில் வெடித்து முகத்துக்கே வரும். அரிசி மாவைக் கோலம் போடும் பதத்துக்கு வறுத்து, உளுத்தமாவோடு கட்டியில்லாமல் இரண்டு தரம் சலித்தோம். அழுத்தி வழவழவென்று உருட்டக் கூடாது. மேலே லேசாக விரிசல் இருந்தால்தான் உள்ளே இருக்கிற ஆவி வெளியே போகும். உருட்டியதைத் துணியில் உலரவிட்டுப் பொரித்து, நன்றாக ஆறிய பிறகுதான் பாக்கெட். சூட்டோடு ஒட்டினால் மறுநாளே நமுத்துவிடும்.

பண்டிகையன்று அத்தை வீட்டுக்குப் போனோம். தட்டில் சீடை வந்தது. பக்கத்திலேயே பாக்கெட்... எங்கள் பச்சை லேபிள்! அத்தையின் அபார்ட்மென்ட்டுக்கு மொத்தமாக அனுப்பியதில் ஒன்று.

"நான் பண்ணினா வெடிக்குது, பயம். இது வாட்ஸ்அப்ல வாங்கினது. யாரோ கைதேர்ந்த மாமி" என்று அத்தை பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னாள். கையோடு என்னையும் காட்டி, "எங்க அண்ணா பொண்ணு. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறா" என்றாள்.

"வெரி குட், ஆல் த பெஸ்ட்" என்றார் ஆன்ட்டி.

இல்லாத மாமிக்குப் பாராட்டு, எழுதாத பரீட்சைக்கு வாழ்த்து. எனக்கென்று ஒன்றுமே மிஞ்சவில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அத்தை, அந்த மாமி நான்தான். எக்ஸாமெல்லாம் ஒண்ணும் படிக்கல."

அத்தை வாயில் இருந்த சீடையை மெதுவாக மென்று முடித்தாள்.

"ஹவ்வா? நிஜமாவா? அடிப்பாவி! சொந்த அத்தைக்கே பாக்கெட் போட்டு வித்துட்டியா!"

அம்மாதான் முதலில் சிரித்தாள். ஆன்ட்டி தீபாவளிக்கு முறுக்கு வேண்டுமென்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். அன்று வீடு திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது.

இப்போது உதவிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். டிவி சீரியல் பார்த்தபடி நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டிய அந்த மத்தியானங்கள்தான் இல்லை... அது மட்டும் கொஞ்சம் ஏக்கம்.

யார் வந்தாலும் மெஷின் ஹாலிலேயே இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருப்பது பேங்க் எக்ஸாம் புத்தகங்கள்.