வாயில்லாத எண்ணெய்

சிப்ஸ்காரம்மாவுக்கு இந்த உலகத்தில் முழுசாக நம்பத்தகுந்த ஆள் என்று ஒருவரும் கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டை வந்தால் மேலே இருப்பதைத் தொடக்கூட மாட்டாள். முழங்கை மறைகிற வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை உருவிப் பார்ப்பாள். தராசை நம்ப மாட்டாள். மழை வராது என்று ரேடியோ சொன்னால் அன்றைக்குத்தான் தார்ப்பாயைக் கட்டுவாள். புருஷன் "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பினால் தெருமுனை வரைக்கும் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் நம்பியது தன் மூக்கை மட்டும்தான்.

மூக்கும் அதற்கு ஏற்றாற்போலத்தான் உழைத்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு வாணலி நிறையக் காயும். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரையாவது ஏசிக்கொண்டிருப்பாள். எண்ணெய் கமகமவென்று வாசனை விட்டதும், ஏச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி சீவலை அள்ளிப் போடுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. மகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்: வாசனை வந்தால் போடு, வராவிட்டால் காத்திரு.

அந்த மகள்தான் இப்போது கடல் தாண்டிப் போய், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை தண்ணீரிலேயே ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. அங்கே அடுப்புப் பக்கம் ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டான். "உனக்கு சிப்ஸ் போடத் தெரியும்னு சொன்னியே, வெள்ளிக்கிழமை போட்டுக் காட்டு. நல்லா வந்தா அடுப்பு உனக்கு, இல்லன்னா தொட்டிதான்" என்று தலைமைச் சமையல்காரர் சொல்லிவிட்டார். பொரிக்கிற மெஷின் மீனுக்கு மட்டும் என்பதால் அகலச் சட்டியில்தான் போட வேண்டும். எண்ணெயும் அவர்கள் தருவதுதான். சூரியகாந்தி எண்ணெய்.

அறையில் போட்டுப் பார்த்த மகள் போனில் அழாத குறை.

"ஓரமெல்லாம் கறுத்துப் போவுதும்மா. நடுவுல வதவதன்னு இருக்கு. வாயில வெச்சா கசக்குது."

"எண்ணெய்ல கலப்படம்."

"புது பாட்டிலும்மா. சீல் நான்தான் பிரிச்சேன்."

"சீல் போட்டவன் யாரு, உன் மாமனா?"

"அம்மா..."

"அந்த சமையல்காரன் உன்ன கவுக்கணும்னே குடுத்திருப்பான். கெழங்க கழுவினியா?"

"மாவுத் தண்ணி போற வரைக்கும் கழுவி, துணியில ஒத்தி, ஈரமில்லாமதான் போட்டேன்."

"கூட தங்கியிருக்காளே ஒருத்தி, அவ அடுப்பு கிட்ட வந்தாளா?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

சிப்ஸ்காரம்மா நேரே எண்ணெய்க்கடைக்குப் போனாள். சூரியகாந்தி எண்ணெய் பாட்டில் ஒன்றை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, திருட்டுப் பயலை விசாரிக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

"இது செத்த எண்ணெய்."

"நல்ல எண்ணெய்தான்கா" என்றார் எண்ணெய்க்கடைக்காரர்.

"வாசனை இல்லாத எண்ணெய் எதையோ மறைக்குது தம்பி."

கடை வாணலியில் அதை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டு அடுப்பில் பழைய சட்டியில்தான் ஊற்றினாள். புருஷன் கிழங்கைச் சீவிக் கழுவி, துவட்டித் தட்டில் பரப்பினார். அவள் வழக்கம்போல அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மூக்கைத் தீட்டினாள். வாசனை வரவில்லை. தீயைக் கூட்டினாள். அப்போதும் வரவில்லை.

"இன்னுமா காயல?" என்றார் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. அது என்கிட்ட வெளையாடுது."

இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஒருவழியாக ஏதோ நெடி வந்தது. திரும்பினால் சட்டிக்கு மேலே நீலப் புகை. போட வந்த வேகத்தில் கை ஒரு பிடியைப் போட்டும்விட்டது. சீவல் சட்டென்று ஓரம் கறுத்து, நடுவில் தொய்ந்து, சுருண்டு மிதந்தது. அவசரமாக அடுப்பை அணைத்தாள். ஆறியதும் புருஷன் ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் அஷ்டகோணலாகப் போனது.

"பொண்ணு கைப்பக்குவம் அப்படியே உனக்கு வந்திருக்குடி."

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்கடையில் போய் நின்றாள். மீதி எண்ணெய் பாட்டிலுக்குள் ஆடியது.

"பொகையிற வரைக்கும் ஒரு வாசனை இல்ல. என்னத்த கலந்து விக்கிற?"

"ஒண்ணும் கலக்கலக்கா. எடுத்திருக்கான். சுத்தம் பண்றப்ப வாசனைய எடுத்துட்டுத்தான் பாட்டில்ல அடைக்கிறான். இதுல வாசனை வருதுன்னா அது கருகுதுன்னு அர்த்தம்."

அவள் அவரையும் நம்பவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நடை மெதுவாகிவிட்டது. அங்கே ஒருத்தி, அம்மா சொன்னாளே என்று, வராத வாசனைக்காகச் சட்டி முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கலப்படம் எண்ணெயில் இல்லை. சொல்லிக்கொடுத்ததில்தான் இடித்தது.

புது எண்ணெய் ஊற்றி, இந்தத் தடவை அடுப்பைப் பார்த்து நின்றாள். நிதானமான தீ. ஒரே ஒரு சீவலைப் போட்டாள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அது இறங்கிய கையோடு எழும்பி, சுற்றிலும் பொடிப் பொடியாக நுரைத்தது. ஒரு பிடியைத் தூவினாள். சளசளவென்று சத்தம். சத்தம் தேய்ந்து, குமிழி ஓய்ந்ததும் அரித்து எடுத்தாள். புருஷன் கடித்த 'நொறுக்' அடுத்த அறைக்குக் கேட்டது.

போனில் சொன்னால் மகள் குறுக்கே பேசுவாள். அதனால் கடிதமாக எழுதினாள். புருஷன் அதைப் படம் பிடித்து அனுப்பினார்.

"கண்ணு, அந்த எண்ணெய்க்கு வாய் கிடையாது. நான் உனக்குச் சொன்னதெல்லாம் வாயுள்ள எண்ணெய்க்கு. அதனால் வாசனைக்குக் காத்திருக்காதே. ஒரு சீவலைப் போட்டுப் பார். அடியிலேயே கிடந்தால் காயவில்லை. போட்டதும் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைத் தணி. இறங்கி உடனே எழும்பி நுரைத்தால் சரி. அள்ளிக் கொட்டாதே, எண்ணெய் சூடு இறங்கிவிடும், அப்புறம் சீவல் எண்ணெயைக் குடிக்கும். சத்தம் அடங்கினால் கிழங்கில் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், எடுத்துவிடு. உப்பைச் சூட்டிலேயே தூவு. நன்றாக ஆறாமல் டப்பாவில் மூடினால் வேர்த்து நமத்துப்போகும். பிசுபிசுவென்று நுரை நின்றால் அந்த எண்ணெய் முடிந்தது, மறுபடி காய்ச்சாதே. சட்டியை விட்டு நகராதே. அந்தச் சமையல்காரர் நல்லவராகவும் இருக்கலாம். இருந்தாலும் எண்ணெயை நீயே ஊற்று. கைக்கு ஏதாவது தடவிக்கொள்."

வெள்ளிக்கிழமை அவள் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கெல்லாம் பாக்கெட்டைத் தப்புத் தப்பாகக் கொடுத்தாள். போன் அடித்தபோது எடுக்கப் பயந்து புருஷனிடம் நீட்டினாள். அவர் திருப்பி அவளிடமே நீட்டினார்.

"அம்மா! ரெண்டாவது தடவையும் அள்ளி சாப்பிட்டாரும்மா. நாளையிலேர்ந்து நான் அடுப்புப் பக்கம்!"

"ஏன் ரெண்டாவது தடவை சாப்பிட்டான்? மொதல்ல சரியா இல்லையா?"

"நல்லா இருந்துதும்மா!"

"வாயால சொன்னானா?"

"சொன்னாரு. எல்லாரும் சாப்பிட்டாங்க."

சிப்ஸ்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு என்று புருஷனிடம் கையைக் காட்டினாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவே இல்லை. அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, தொட்டிக்கு யாரு வர்றா?"

"புதுசா ஒரு பொண்ணும்மா."

"எப்படிப்பட்டவ?"

"தெரியாதும்மா. இன்னும் பேசல."

"உன்மேல பொறாமையா இருப்பா. உஷாரா இரு." கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு மொத ஈடு எடுத்ததும் அவளுக்கு ஒரு கை குடு. ஈரக்கையோட எடுக்க விடாத, நமத்துப்போயிடும். நீயே வாயில போட்டு விடு."