பூவுக்கு அடியில் ஒரு கை

நசிமாவுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். மொத்தக் கோபத்தையும் கம்ப்யூட்டரில் பைலுக்கு வைக்கிற பேரில் காட்டிவிடுவாள். முதல் பிரதி போகும்போது வெறும் 'பைனல்'. அடுத்தது 'பைனல் ரெண்டு'. அதற்கப்புறம் 'நிசமான பைனல்', 'சத்தியமா பைனல்' என்று ஏறிக்கொண்டே போகும். பிரீத்திகா கல்யாணப் பத்திரிகை அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்ற பேர் 'என்னய விட்ருங்க'.

சிவகாசியில் இருபத்தோரு வருசமாகப் பத்திரிகை டிசைன் பண்ணுகிறவள் அவள். வீட்டுக்காரர் சம்சு பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். காலையில் ஒன்பது மணிக்கு அவர் ஷட்டரைத் தூக்கும்போது இவள் மவுஸைப் பிடித்தால், சாயங்கால அசர் தொழுகை நேரம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது அபூர்வம். எத்தனை ஊர்க் கல்யாணம் அவள் கைவழியாகப் போயிருக்கும் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டதில்லை. ஆனால் எந்த வீட்டில் எந்த மாமா பேர் விட்டுப்போய் சண்டை வந்தது என்பதெல்லாம் அத்துப்படி.

பிரீத்திகா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பிள்ளை. ஒரு போட்டோ அனுப்பி, இதைத்தான் பத்திரிகைக்குப் பின்னணியாகப் போட வேண்டும் என்றாள். ஆனைக்குட்டம் அணைக்கரையில் சாயங்கால வெயிலில் கூட்டாளிப் பிள்ளை ஒருத்தி எடுத்தது. காற்றில் பிரீத்திகாவின் பூ அவிழ்ந்துவிட, அவள் அம்மா சுப்புலட்சுமி பக்கத்தில் நின்று மகள் தலையில் பூவைச் சொருகிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு பேருமே கேமராவைப் பார்க்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில் அவர்கள், வலது பக்கம் முழுக்கத் தண்ணீரும் வானமும். பார்த்த உடனே நசிமாவுக்குப் பிடித்துப்போனது. எழுத்து வைக்க இடம் தேடி அலைய வேண்டாம், படமே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது.

ஆனால் வந்தது வாட்ஸப்பில் சுருங்கின படம். பத்துக்கு ஏழு அங்குல கார்டுக்கு மூவாயிரம் பிக்சலாவது அகலம் வேண்டும், இது அதில் பாதிதான் தேறும். மங்கலாக்கப் போகிற வானத்துக்கு அது போதும், முகத்துக்குப் போதாது, டாக்குமெண்டாக அனுப்பு தாயி என்று மூணு தடவை சொல்லி, மூணு தடவையும் அதே படம் வந்து, நாலாவது தடவைதான் உருப்படியாக வந்து சேர்ந்தது. அதற்குள்ளேயே ரெண்டு டீ காலி.

வேலையில் நசிமா சுத்தக்காரி. புதுசாக வருகிற பிள்ளைகள் படத்தை அப்படியே மங்கலாக்கி, மேலே ஆளை வெட்டி ஒட்டிவிடுவார்கள். சேலை நிறம் கரைந்து ஆளைச் சுற்றி ஒரு கறை மாதிரி தெரியும். அவள் முதலில் அம்மாவையும் மகளையும், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தனி லேயரில் வெட்டி எடுத்தாள். அவர்கள் நின்ற இடத்தைக் கரையும் தண்ணீருமாக நிரப்பினாள். அதற்கப்புறம்தான் பின்னணியை மங்கலாக்கினாள், ஆள் நிற்கிற பக்கம் லேசாக, எழுத்து வரும் வலது பக்கம் கூடுதலாக. அந்த வலது பக்கத்து மேலே சந்தன நிறத்தில் ஒரு மெல்லிய படலம், படத்துப் பக்கம் வர வரக் கரைந்து போகிற மாதிரி. மேல் மூலையிலும் கீழ் ஓரத்திலும் மல்லிகையும் ரோஜாவும், வெளிறின நிறத்தில், எழுத்துப் பக்கம் ஒரு இதழ் கூட எட்டிப் பார்க்காமல். பிரீத்திகா பார்த்துவிட்டு, அக்கா எங்கம்மா எம்புட்டு அழகா இருக்கு என்று அனுப்பினாள். பைல் பேர் 'பைனல்'.

அத்தோடு முடிந்திருந்தால் நசிமா ஏன் இப்படி இருக்கப் போகிறாள்?

மறுநாளே வந்து உட்கார்ந்தார் ராஜபாண்டியன். பொண்ணுக்குச் சித்தப்பா. சாத்தூர் ரோட்டில் பட்டாசுக் கடை. பொண்ணின் அப்பா செந்தூர்பாண்டி பதினோரு வருசத்துக்கு முன்னால் லாரியில் லோடு கொண்டுபோன இடத்தில் நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். அன்றிலிருந்து குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது இவர்தான். பத்திரிகையில் அழைக்கிறவர்களும் இவரும் இவர் சம்சாரமும்தான். கையில் உறவுக்காரர்கள் பேர் எழுதின நோட்டுத் தாள், இருபத்தாறு பேர். அடுத்த நாள் அது முப்பத்தொண்ணு. அதற்கடுத்த நாள் மல்லாங்கிணறு வகையறாவை விட்டுவிட்டோமே என்று முப்பத்தெட்டு. எழுத்தைச் சின்னதாக்கினால் கிழவர்களுக்குத் தெரியாது என்பார். பெரிதாக்கினால் பூ மேல் ஏறும், பூவைக் குறைத்தால் மொட்டையாக இருக்கு என்பார். எல்லாவற்றுக்கும் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டி முடித்தாள். 'சத்தியமா பைனல்' வந்தபோதுதான் மனுசன் பேர்களை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தார்.

"தங்கச்சி, மதினி நிக்காகளே, அத எடுத்துருங்க. மங்கலக் காரியம் பாருங்க. தாலி அறுத்தவக முகத்த மொத்த ஊருக்கும் அடிச்சா குடுப்பாக?"

நசிமாவுக்குச் சுருக்கென்றது. பொண்ணு கேட்டுத்தானே அண்ணாச்சி போட்டோம் என்றாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், பேர்தான் உள்ளே போட்டிருக்கே, அமரர் செந்தூர்பாண்டி சுப்புலட்சுமி மகள் என்று, அது போதும் என்றார். மதினிக்கும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கும் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுசன் இல்லை. பயந்த மனுசன். அதுதான் நசிமாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது, கெட்டவன் என்றால் ரெண்டு வார்த்தை கேட்டாவது இருப்பாள்.

எடு என்றால் எடுக்கிற மாதிரியா நிற்கிறாள் அந்த அம்மா? அவள் கை மகளின் தோளைக் கடந்து, காதை மறைத்து, கூந்தலுக்குள் போயிருக்கிறது. கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அந்தப் படத்துக்கே தெரியாது. ராஜபாண்டியனின் தங்கச்சி மகன் ஏஐயில் ஒரு நிமிச வேலை என்று சொன்னானாம். அதையும் போட்டுப் பார்த்தாள். புதுசாக ஒரு காதும் தோளும் முளைத்து வந்தது, பிரீத்திகா போய் யாரோ ஒரு பொண்ணு நின்றாள். அம்மாவை மட்டும் மங்கலாக்கினால் நீலச் சேலை ஒரு நீலக் கறையாக நிற்கிறது, அது ஆள்தான் என்று யாருக்கும் தெரியும். கடைசியில் பெரிய ரோஜாக் கொத்து ஒன்றைப் புது லேயரில் வைத்து அம்மாவின் முகத்தையும் உடம்பையும் மூடினாள். கையை மூட முடியவில்லை. அதையும் மூடினால் பொண்ணு முகத்தில் பாதி போய்விடும். வேறு படத்தைப் போட்டால் எழுத்துக்கான இடம் போகும், முப்பத்தெட்டில் பாதிப் பேரை வெட்ட வேண்டும். சொன்னதும் ராஜபாண்டியன் பதறிப்போய், கை இருந்துட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

அந்தப் பைலுக்குத்தான் 'என்னய விட்ருங்க' என்று பேர் வைத்தாள். பிரீத்திகாவுக்குப் போன் போட ரெண்டு தடவை நம்பரை எடுத்தாள், ரெண்டு தடவையும் வைத்துவிட்டாள். கல்யாண வீட்டில் தீயை வைத்தவள் என்ற பேர் எதற்கு? சே, இது என்ன பிழைப்பு என்று இருந்தது.

அச்சுக்குப் பிளேட் போடச் சாயங்காலம் அஞ்சு மணி கெடு. காலண்டர் சீசன் வேறு, இன்று விட்டால் மெசின் நாலு நாளைக்குக் கிடைக்காது. மூணு மணிக்குப் பிரீத்திகாவே கூப்பிட்டாள். சித்தப்பா பார்த்தால் மட்டும் போதாது அக்கா, அம்மா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடிக்கணும், சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். நசிமா சரிம்மா என்று மட்டும் சொன்னாள். அடுத்த நிமிசமே ராஜபாண்டியன் போனில் வந்தார். மதினியைக் கூட்டிக்கிட்டு வாறேன், நீங்க ஒண்ணும் விளக்கிக்கிட்டு இருக்காதீக, எழுத்தைக் காட்டிக் கையெழுத்தை வாங்குங்க, அவுகளுக்கு இதெல்லாம் புரியாது என்றார்.

சுப்புலட்சுமி அச்சங்குளத்தில் பட்டாசு வேலை பார்க்கிறவள். வேலை விட்டு நேராக வந்திருந்தாள். நகக்கண்ணில் பட்டாசு மருந்து அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னால் கொழுந்தன் நிற்கிறார் என்று அவளும் நின்றாள். நசிமா ஸ்கிரீனைத் திருப்பிவைத்தாள். வலது பக்கத்து எழுத்தை மெதுவாகப் படித்தாள் சுப்புலட்சுமி. புருசன் பேர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பேரெல்லாம் சரியா இருக்கு என்றாள். ராஜபாண்டியன் பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினவள் கையெழுத்துப் போடவில்லை. படத்துப் பக்கம் குனிந்தாள். ரோஜாக் கொத்துக்குள்ளேயிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை வெளியே வந்து மகள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தது. இந்தப் போட்டோவில் நானும் இருந்தேனே என்று மெதுவாகக் கேட்டாள். ராஜபாண்டியன் தொண்டையைச் செருமினார், முகூர்த்தப் பத்திரிகை மதினி, நாலு பேர் நாலு சொல்லுவாக, மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பாகளோ என்று இழுத்தார். நசிமா மவுஸை எடுத்து ரோஜா லேயருக்குப் பக்கத்தில் இருந்த கண் அடையாளத்தை அமுக்கினாள். பூ மறைந்தது, நீலச் சேலையில் சுப்புலட்சுமி முழுசாக நின்றாள். மறுபடி அமுக்கினாள். பூ வந்தது, அம்மா போனாள், கை மட்டும் நின்றது.

பதினோரு வருசமாகக் கொழுந்தன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவள் சுப்புலட்சுமி. இப்பவும் குரல் உயரவில்லை. விரலை ஸ்கிரீனுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தொடவில்லை.

"நான் இல்லேன்னா, இந்தக் கை யாரு கை தம்பி?"

ராஜபாண்டியன் ஸ்கிரீனைப் பார்த்தார். மருந்து ஏறிக் கிடந்த மதினியின் விரல்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். நேரம் நாலே முக்கால். மெசின்காரர் வாசலில் வந்து ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எடுத்துருங்க தங்கச்சி" என்றார் கடைசியில்.

இத்தனை நாள் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டின நசிமா இந்தத் தடவை ஆட்டவில்லை. அவர் வாயாலேயே வரட்டும் என்று இருந்தாள்.

"எத அண்ணாச்சி?"

"பூவத்தான்."

பூவை மறைத்து மட்டும் வைத்தால் மனுசன் நாளைக்கு மனசு மாறுவார் என்று லேயரையே அழித்தாள் நசிமா.