அத்தையின் பத்தடி வாசலும் என் காற்றுத் திரையும்

என் மாமியாரின் திராட்சைக் குளிர் அறைக்குக் கதவு பத்தடி உயரம். நாலடி அகலமும் பத்தடி உயரமுமாகக் கதவு கேட்டபோது, பலகை பூட்ட வந்தவர்கள் யானை கட்டப் போகிறீர்களா என்று சிரித்தார்களாம். அத்தை சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திராட்சை டிரேயைத் தலையில்தான் சுமப்பார்கள். சும்மாடு வைத்து அதன் மேல் இரண்டு டிரே, தெம்பான பெண்கள் என்றால் மூன்று டிரே. அதோடு நிமிர்ந்து போகப் பத்தடி வேண்டும் என்பது அத்தையின் கணக்கு.

அறுவடைக் காலத்தில் அந்தக் கதவு மூடியே இருக்காது. ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே வருவாள். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு தரையாக வெளியே ஓடும். அது விட்ட இடத்தை நிரப்ப மேலே வழியாக வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். அந்த ஈரம் சில்லென்றிருக்கும் பழத்தின் மேல் வியர்வையாகப் படியும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பழமும் நனையும். நனைந்த பழம் மலை ஏறிக் கேரளா போய்ச் சேர்வதற்குள் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும்.

வருஷக்கணக்காகப் பழம் எடுக்கிற வியாபாரி ஒருநாள் நேரில் வந்து நின்றார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மனிதர். "சேச்சி, இனி ஒரு லோடு இதுபோல வந்தா ஞான் வேற தோட்டம் நோக்கும்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட அத்தை சமாளித்திருப்பார். ஆனால் வியாபாரி மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி போனில் சொன்னாள். அந்த ஒரு ஆள் விலகினால் அத்தையின் பழத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. அடுத்த லோடுக்கு எட்டு நாள் இருந்தது.

நான் தேனியில் ஏசி, பிரிட்ஜ் வேலை பார்ப்பவன். மருந்துக் கடை, துணிக் கடை வாசலில் எல்லாம் ஏர் கர்ட்டன் மாட்டியிருக்கிறேன். வாசலுக்கு மேலே ஒரு நீளப் பெட்டி, அதிலிருந்து காற்று தகடு மாதிரி கீழே இறங்கும். உள்ளே இருப்பது உள்ளே, வெளியே இருப்பது வெளியே. மாமியார் வீட்டில் பெயர் வாங்க இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. "கவலைய விடுங்க அத்தை, நான் இருக்கேன்" என்று மார் தட்டினேன்.

நான் அளந்தது அகலத்தை மட்டும். நாலடிக் கதவு, நாலடிப் பெட்டி, முடிந்தது வேலை. எத்தனை அடி உயரத்துக்கு என்று அதோடு வந்த அட்டையில் போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. நான் மாட்டிய கடை வாசல் எல்லாம் ஏழடி. உயரம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மாட்டி ஓடவிட்ட அன்று அங்கே திருவிழாதான். காற்றுக்குக் கீழே முடி பறக்க, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் சும்மா சும்மா உள்ளே போய் வந்தார்கள். என் மனைவி எனக்குப் பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அத்தை மோட்டார், மெஷின் எல்லாவற்றுக்கும் சாம்பிராணி காட்டுவார். அப்படியே கதவுக்கும் காட்டினார். தலை உயரத்தில் பிடித்தபோது புகை சர்ரென்று கீழே இறங்கியது. நெஞ்சுக்கு வந்தது. இடுப்புக்கு வந்ததும் தள்ளாடியது. சாம்பிராணிக் கரண்டியை முழங்காலுக்கு இறக்கினார். புகை மொத்தமும் தரையோடு வெளியே ஓடிப்போனது.

"மாப்பிள்ளை, இங்கன வாங்க. உங்க காத்து இடுப்போட நின்னுபோச்சு பாருங்க."

சுமக்க வந்த பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. டிரேயைத் தொட்டேன், ஈரம்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "இது காத்தோட தப்பில்ல அத்தை, கதவோட தப்பு. மேல மூணடிக்குப் பலகை அடிச்சு ஏழடியாக்குங்க, இதே பெட்டி போதும். ஒவ்வொரு டிரேயாக் குனிஞ்சு கொண்டு போகட்டும்" என்றேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் பன்னெண்டு வருசம் அடுத்தவுக பழக் கிட்டங்கில சுமந்தவ மாப்பிள்ளை. அந்த வாசல் தணிஞ்ச வாசல். தலைல பாரத்தோட ஒரு நாளைக்கு நூறு தடவ குனிஞ்சு போயிருக்கேன். ராத்திரி கழுத்தத் திருப்ப முடியாது. அந்த வியாபாரி போனாலும் போகட்டும், என் வாசல்ல இவுக குனியக் கூடாது. காத்த மாத்துங்க, கதவ மாத்தாதீக."

எனக்கு வெட்கமாக இருந்தது. பாயசத்தை நினைத்தால் இன்னும் வெட்கம்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் காற்றின் வேகத்தை அளக்கிற கருவியை இரவல் வாங்கி வந்தேன். என் பெட்டியின் வாயில் விநாடிக்கு எட்டு மீட்டர் காட்டியது. இறங்க இறங்கத் தேய்ந்து, தரையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தரைக்கு வரும்போதும் இரண்டு, மூன்று மீட்டர் மிச்சம் இருந்தால்தான் ஓடி வருகிற குளிரை அது மறிக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றித் தேனியில் ஏழடி வாசல் உள்ள ஒரு மருந்துக் கடைக்கு மாட்டினேன். அங்கே அது சமர்த்தாக வேலை செய்தது.

இந்த முறை அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புதிதாக வாங்கிய பெட்டி பத்தடிக்கும் மேலே வீசக்கூடியது, ஐந்தடி நீளம், மூன்று வேகம். கதவின் இரண்டு பக்கமும் அரையடி கூடுதலாக வருகிற மாதிரி, வெளிப்பக்கம், வாசலின் மேல் விளிம்பை ஒட்டி இடைவெளி இல்லாமல் மாட்டினேன். கதவு திறந்தால் ஓடவும் மூடினால் நிற்கவும் ஒரு சுவிட்ச் வைத்தேன்.

பட்ட அவமானத்துக்குப் பதிலடியாக நேரே உச்ச வேகத்தில் வைத்தேன். அத்தை சாம்பிராணியோடு தயாராக நின்றார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. புகை தரையில் மோதி இரண்டாகப் பிரிந்தது. பாதி வெளியே வந்தது, பாதி அறைக்குள் போனது. உள்ளே இருந்த தெர்மாமீட்டரும் ஏற ஆரம்பித்தது. வெளிக்காற்றை நானே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இப்ப ரொம்பக் கோவப்படுது மாப்பிள்ளை. உங்கள மாதிரியே" என்றார்.

நடு வேகத்துக்குக் குறைத்தேன். தரையில் இரண்டரை மீட்டர். புகை நிலைப்படி வரைக்கும் இறங்கி அங்கேயே படர்ந்து கிடந்தது. உள்ளே அநேகமாக ஒன்றும் போகவில்லை. வாசலில் காலில் படுகிற அந்தச் சில்லிப்பும் இல்லை. ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் தடவிப் பார்த்து, "காஞ்சிருக்கு ஆத்தா!" என்று கத்தினாள்.

சரக்கு அறைக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு அமைதி. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கம்ப்ரஸர் தானாக நின்றிருந்தது. ஆள் போக்குவரத்து இருக்கும்போது அது நின்று நாங்கள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஓய்ந்து மறுபடி ஓடியது, மறுபடி ஓய்ந்தது. காற்றுப் பெட்டியும் கரண்ட் தின்னத்தான் செய்யும். ஆனால் கம்ப்ரஸர் மிச்சம் பிடித்ததற்கு முன்னால் அது கொறிப்புதான், மீட்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதற்காகக் கதவைக் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வைக்காதீர்கள், வேலை இல்லாதபோது மூடுங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் வியாபாரி லாரியோடு வந்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகினார், சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தார். என் மனைவி பதறிப்போய், "அம்மா, இந்த வயசுலயா?" என்றாள். "ஏறக் குடுங்கடி" என்றார் அத்தை. இரண்டு பெண்கள் மூன்று டிரேயை ஏற்றிவிட்டார்கள்.

அறைக்குள்ளிருந்து அவர் வந்தார். காற்றுக்குக் கீழே வந்தபோது நரைமுடி நாலாப் பக்கமும் பறந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்தார். வியாபாரி மேல் டிரேயிலிருந்து ஒரு கொத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழத்தின் மேல் தானாகப் படிகிற வெள்ளைப் பூச்சு கலையாமல் இருந்தது. விரலால் தடவினார். விரலில் ஈரம் இல்லை, பொடி ஒட்டியது.

"இது மதி சேச்சி, இது மதி" என்றார். இதுவே போதுமாம். அடுத்த லோடு எப்போது என்றும் கேட்டார்.

அத்தை என்னைத்தான் பார்த்தார். மூன்று டிரேயும் இன்னும் தலையில் இருந்தன. கழுத்து நேராக நின்றது.

"பாத்தீகளா மாப்பிள்ளை," என்றார், "குனியாமயே வந்துட்டேன்."