கைப்பட்டை இல்லாத வாரம்

பணி ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தரக்கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தேன். ஜன்னல் காற்றுக்காக இரண்டு நோயாளிகள் கட்டில் மாறிப் படுத்ததில், ஒருவருக்கு உரிய இன்சுலின் மற்றவருக்குப் போய்விட்டது. சர்க்கரை இறங்கி மயங்கியவர், குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். 'தற்காலிகப் பாதிப்பு, சிகிச்சை தேவைப்பட்டது' என்று அறிக்கையில் வகைப்படுத்தினேன்.

"காரணம் நர்ஸோட கவனக்குறைவுன்னு மட்டும் போடுங்க சார். வேலைய விட்டு அனுப்பிரலாம்," என்றார் மேலாளர்.

"பேரு கேக்காம ஊசி போட்டது தப்புதான் சார்," என்றாள் நர்ஸ். "ஆனா நோயாளிக்குப் பேரு எழுதிக் கட்டுற கைப்பட்டை தீர்ந்து ஒரு வாரமாச்சு. எழுதிக் கொடுத்தேம்லா?"

கொடுத்திருந்தாள். வார்டு முத்திரை இல்லை என்று அந்தக் கடிதத்தை நிறுத்தி வைத்தவன் நான்தான்.

காரணங்களில் இரண்டையும் எழுதினேன். பட்டையையும் பெயரையும் சரிபார்க்காமல் மருந்து கூடாது என்பது தடுப்பு நடவடிக்கை. பட்டை இருப்புக்குப் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன்.

"அப்ப உங்களையும்லா சார் அனுப்பணும்?" என்றார் மேலாளர்.

யாரையும் அனுப்பவில்லை.