ஸ்பேஸ் பாருக்கு ஒரு பொட்டு கிரீஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிறை என்ற ஊரில் இருந்த ஒரு கீபோர்டு ஃபேக்டரியில் நான் லைன் லீடர். இருபத்தாறு வயது. மற்றப் பெண்களுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு, எனக்கு மட்டும் நீலக் கோட்டு. என் வீடு கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ்டவுனில். காலை ஃபெரி ஏறும்போதே அதை மடித்துக் கைப்பைக்கு மேலே, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரிதான் வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள், அப்பா கிராணி, பெரியப்பா கிராணி, அண்ணனும் கிராணி. "போயும் போயும் ஃபேக்டரிக்கா போறே?" என்று மூக்கைச் சுளித்த சொந்தங்களுக்கு அந்த நீலக் கோட்டுதான் என் பதில். கர்வம் என்றால் கர்வம்தான், அதற்கென்ன இப்போது?

என் லைனில் எந்தக் குறையும் என் கண்ணைத் தாண்டிப் போகாது. ஒரு எழுத்துப் பொத்தான் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். சுத்தம் சோறு போடும் என்று அம்மா எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அதை லைனில் பதினெட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாவம் அந்தப் பெண்கள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீபோர்டில் எழுத்துப் பொத்தான்கள் சின்னவை, நடுவில் ஒரு சுவிட்ச் தாங்கினால் போதும். ஸ்பேஸ் பார் அப்படியில்லை, நீளம். ஓரத்தில் அழுத்தினால் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் அதன் கீழே ஸ்டெபிலைசர் வைப்பார்கள். இரண்டு பக்கமும் மேலும் கீழும் போய்வரும் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள், இரண்டையும் இணைக்க வளைந்த ஒரு மெல்லிய கம்பி. ஒரு கட்டை இறங்கினால் கம்பி மற்றதையும் சேர்த்து இறக்கும். ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கம்பியின் நுனி கட்டையின் ஓட்டைக்குள் கொஞ்சம் லூசாகத்தான் உட்காரும். இறுக்கமாக இருந்தால் அசையாதே! அந்த இடைவெளியில் இரும்பு பிளாஸ்டிக்கைத் தட்டும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சலக், சலக். அதை அடக்கத்தான் ஓட்டைக்குள் ஒரு பொட்டு கெட்டி கிரீஸ். அதிகம் வைத்தால் பொத்தான் தூங்கித் தூங்கி மேலே வரும், குறைவாக வைத்தால் சத்தம் போடும்.

அந்த கிரீஸ் வைக்கிற இடத்தில் இருந்தவர் தாசேக் கெலுகோர் அக்கா. அந்த ஊரிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருவதால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயது. இருபது வயதுப் பெண்களையே எடுக்கும் ஃபேக்டரி, யாரோ சொல்லி ஆறு மாதத் தற்காலிகத்தில் இவரை எடுத்திருந்தது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு. வேறெங்கும் அந்த வயதில் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கழுத்தில் சிலுவை, கையில் சின்ன பிரஷ், வாயில் எப்போதும் முணுமுணுப்பாக ஒரு ஜெபம். ஒரே சீராக வேலை செய்வார். எனக்கோ அந்தச் சீர் போதாது, வேகம் வேண்டும்.

அந்த வருடம் என் லைனுக்கு ஒரு கெட்ட பெயர். கிரீஸ் பிசிறு பொத்தான் ஓரத்தில் ஒட்டி, கறை என்று கடைசிச் சோதனையில் கழித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மானம் போனது. உடனே ஒரு புது ஏற்பாடு செய்தேன். அக்காவுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு பெண்ணை உட்காரவைத்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுத்தேன். "கண்ணுக்குத் தெரியிற கிரீஸ் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. இருந்துச்சு, உன்னைத் தொலைச்சிருவேன்" என்றேன். கறை நின்றுபோனது. மானேஜர் மற்ற லீடர்கள் முன்னால் என்னைப் பாராட்டினார். நான் அன்று ஃபெரியில் மேல்தட்டில் நின்றுகொண்டே போனேன், உட்காரத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சரக்கு திரும்பி வந்தது. பெட்டி பெட்டியாக. ஸ்பேஸ் பார் கடகடவென்று ஆடுகிறதாம், என்டர் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுகிறதாம். எங்கள் சோதனை இயந்திரத்துக்குக் காது கிடையாது. அழுத்தினால் சிக்னல் வருகிறதா, வந்தால் பாஸ். ஃபேக்டரிக்குள்ளோ காற்றுக் குழாயும் மோட்டாரும் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது, சலக் எங்கே கேட்கப்போகிறது?

இரண்டு மூன்றைப் பிரித்துப் பார்த்தோம். கம்பி நுனி காய்ந்து பளபளவென்றிருந்தது. கிரீஸே இல்லை. நேராக அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"என்னக்கா இது? கிரீஸ் எங்கே?"

"நான் வெச்சேன்மா."

"வெச்சது ரெக்கை கட்டிப் பறந்துருச்சா?"

"ஆண்டவர் சத்தியமா வெச்சேன் தங்கச்சி. ஒண்ணுகூட விடலலா."

"ஆண்டவரை இதுல இழுக்காதீங்க. ஒழுங்கா வேலை செய்யத் தெரியலன்னா சொல்லிட்டுப் போங்க!"

லைன் முழுக்கக் கை நின்றுவிட்டது. அக்கா பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த கம்பியை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடிப்பாவி, யாருடைய நெஞ்சைப் பற்றி!

மறுநாள் காலை மானேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். சீனர், அதிகம் பேசமாட்டார். அக்காவின் ஆறு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, நிரந்தரம் கிடையாது, கவனக்குறைவு என்று கடிதம். லீடர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். "சரி பாஸ்" என்றேன். யோசிக்கவே இல்லை.

கிராணிப் பெண் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஏர்கான் அறை, கதவு சாத்தியிருந்தது, அப்படியொரு அமைதி. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் விரல் மழை மாதிரி ஓடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறது. தொப். தொப். தொப். ஆட்டமில்லை, சலக் இல்லை. பழுத்த பழம் மண்ணில் விழுகிற மாதிரி ஒரு மெத்தென்ற சத்தம்.

"இது எங்கேருந்து வந்த கீபோர்டு?" என்றேன்.

"உங்க லைன்லேருந்துதான்லா. விக்க முடியாதுன்னு கழிச்சதை ஆபீசுக்குத் தந்தாங்க. ஸ்பேஸ் பார்ல ஏதோ கறையாம்."

கேட்காமலே அதைத் தூக்கித் திருப்பினேன். அடியில் சிவப்பு ஸ்டிக்கர். கழித்ததற்கு லீடர்தான் எழுத வேண்டும், "கறை" என்று என் கையெழுத்து, கீழே தேதி. நான் பஞ்சுக் குச்சியைக் கொடுப்பதற்கு முந்தின வாரம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஸ்பேஸ் பாரை நெம்பிக் கழற்றினேன். மானேஜர் "ஹோய்!" என்று எழுந்தார். கம்பியின் இரண்டு நுனியிலும், ஓட்டைக்குள் அடக்கமாக, வெள்ளையாக ஒரு பொட்டு கிரீஸ். அதே அக்கா, அதே பிரஷ், அதே அளவு.

அப்படியென்றால் மற்றதில் வைத்த கிரீஸ் எங்கே போனது? லைனுக்கு ஓடினேன். பஞ்சுக் குச்சிப் பெண்ணின் முன்னால் நின்றேன். "எப்படித் துடைக்கிறே, காட்டு." அவள் பயந்துகொண்டே குச்சியை ஓட்டைக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்தாள். பஞ்சு முழுக்க கிரீஸ்.

"ஏண்டி உள்ளே விட்டுத் துடைக்கிறே?"

"கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. எட்டிப் பார்த்தா உள்ளே தெரிஞ்சுச்சு."

துடைப்பதற்கு முன் ஒன்று, துடைத்த பின் ஒன்று, இரண்டு கீபோர்டைப் பொத்தான் மாட்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஒன்றைத் தட்டினேன், தொப். மற்றதைத் தட்டினேன், சலக். என் சுத்தம் இன்னொருத்தி சோற்றில் மண் போடப் பார்த்திருக்கிறது. "பாஸ், அவங்க தப்பு இல்ல. தப்பு என்னுது" என்றேன். அவர் இரண்டையும் தானே தட்டிப் பார்த்தார். அப்புறம் என் நீலக் கோட்டைப் பார்த்தார். நானே கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டேன்.

கடிதத்தைக் கிழித்தார்கள். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை நிரந்தரம் வந்தது. எல்லோர் முன்னால் திட்டினேன் அல்லவா, அதனால் எல்லோர் முன்னால்தான் மன்னிப்பும் கேட்டேன். அக்கா "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்த சரக்கு முழுவதையும் சரிசெய்ய ஒரு மேசை போட்டார்கள். வெள்ளைக் கோட்டில் அக்காவுக்கு எதிரில் நான். நீளப் பொத்தான் ஒவ்வொன்றையும் கழற்றி, கம்பியைக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்துப் பார்ப்போம். ஒரு நுனி தூக்கிக்கொண்டு நின்றால் வளைத்து நேராக்குவோம், கோணல் கம்பிக்கு எத்தனை கிரீஸ் வைத்தாலும் சத்தம் அடங்காது. பிறகு நுனிக்கு கிரீஸ். அப்படியும் சில ஸ்பேஸ் பார்கள் இறங்கும்போது லொடலொடவென்று ஆடின. கட்டையின் அடியில் மெல்லிய இரண்டு கால்கள் உண்டு. இறங்குகிற அடியை மெத்தென்று தாங்கத்தான் வைத்தது, ஆனால் அதுவே கட்டையைத் தள்ளாட வைத்தது. எஞ்சினியர் வெட்டிப் பார்க்கச் சொன்னார். சின்ன கட்டரால் இரண்டு காலையும் அடியோடு ஒட்ட, சமமாக நறுக்கினோம். அப்புறம் கட்டை தட்டையாக, உறுதியாக உட்கார்ந்தது. என் கண்ணுக்குக் குறை தப்பாது என்றேனே, இப்போது ஒவ்வொன்றையும் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தும் அனுப்பினேன். அந்த மேசையிலிருந்து போனதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நாலு மாதத்தில் நீலக் கோட்டு திரும்ப வந்தது, அதை நான் கேட்டு வாங்கவில்லை.

ஆனால் அந்த மேசையின் கடைசி நாளில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடித்தால் நான் யோக்கியமில்லை. கடைசிப் பெட்டி. அக்கா தலை நிமிராமல் கேட்டார்.

"தங்கச்சி, அன்னிக்கு அந்த கிராணி வேற கீபோர்டுல அடிச்சிருந்தா?"

எனக்குப் பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது.

"கையெழுத்துப் போட்டிருப்பேன்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "நீ சொல்றியான்னுதான் கேட்டேன்." பிறகு கட்டரை என் பக்கம் தள்ளினார்.