இடைவெளி விடாத கூரை

தையல் கூடத்துல ஒரு சொட்டு விழுந்தா போதும், கூரை வேலைக்காரருக்கு மச்சான்கிட்டேருந்து போன் வந்துடும். "மாப்ளே, அந்தம்மா கத்துறாங்க. சிலிக்கான் டியூபை எடுத்துட்டு ஓடு." அவரும் ஓடுவார். ஓடாம? மனைவியோட அண்ணன்தான் முதலாளி, குடியிருக்கிற மாடியும் அவரோடதுதான்.

வெளியில ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சொன்னதும் மச்சான் வாயெல்லாம் பல்லாச் சிரிச்சார். "தாராளமா போ மாப்ளே. இந்த ஒழுகல் மட்டும் நிக்கட்டும்."

எங்கே நிக்கும்? வெளிச்சத்துக்குப் போட்ட அந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டெல்லாம் குளிர்ந்த காலையில மாட்டினது. மீட்டருக்கு மூணு மில்லி இடம் விடணும்னு இவர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். "இடைவெளி விட்டா தண்ணி வராதா? ஆறு மில்லிக்குப் பதிலா பத்து மில்லி கனத்துல போடுறோம்ல!"ன்னுட்டார் மச்சான். கனமா இருந்தா மட்டும் வெயிலுக்கு நீளாதா? மத்தியானமானா ஷீட் புடைச்சுப் பட்பட்டுன்னு சத்தம். திருகு ஓட்டையைச் சுத்தி விரிசல். அதுமேல மச்சான் வாங்கித் தர்ற, புளிச்ச நெடி அடிக்கிற மலிவு சிலிக்கான். அது ஷீட்டையே அரிச்சு விரிசலை வளர்க்கும். அடைக்க அடைக்க ஒழுகுச்சு. அந்தக் கூரைமேல குப்புறப் படுத்துக்கிட்டே தன் காலம் போயிடுமோன்னு அவருக்குத் தோணும்.

போதும்டா சாமின்னு ஒரு விடுமுறை நாள்ல தனியாவே ஏறினார். வெயிலைத் தாங்குற யூவி பூச்சுப் பக்கம்தான் வானத்தைப் பார்க்கணும். எது மேல்பக்கம்னு காட்டுற படலத்தை என்னைக்கோ உரிச்சாச்சு, பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் 'மேல்'னு எழுதிக்கிட்டார். விரிசல் விட்டதை மாத்தி, மத்ததோட ஓரத்தை அறுத்து இடம் விட்டார். ஓட்டையைத் திருகைவிடப் பெரிசாக்கி, ரப்பர் வாஷர் வச்சு, நசுக்காம முடுக்கினார். இடைவெளியை ரப்பர் வச்ச அலுமினியப் பட்டி மூடுச்சு. பாலிகார்பனேட்டுக்கு ஒத்துப்போற, நெடியில்லாத சிலிக்கானைக் கைக்காசுல வாங்கிப் பூசினார்.

பேய்மழை பெய்ஞ்சுது. ஒரு சொட்டு இல்ல. தையல் கூடத்தம்மா போன் பண்ணி வாய் ஓயாமப் புகழ்ந்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போனார். கிளம்புறேன்னு சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள மச்சான் எழுந்து வந்து கட்டிப்பிடிச்சுட்டார்.

"மாப்ளே, என் வயித்துல பாலை வார்த்தே! நான் போட்ட கூரை அத்தனையும் இதே மாதிரிதான் ஒழுகுது. எவனுக்கும் சரிபண்ணத் தெரியல. இனி எல்லாம் உன் பொறுப்பு."

"நான்... அந்தக் கம்பெனிக்கு..."

"போலாம், போலாம். ஒழுகல் நிக்கட்டும்."

மனைவிக்குப் பெருமை தாங்கல. "அண்ணன் உங்களை எவ்வளவு நம்புறார் பாத்தீங்களா?"

வெளியில இன்னும் தூறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மச்சானோட போன் அடிச்சுது. எடுத்துப் பேசாமலே அதை மாப்ள கையில கொடுத்தார்.