காயின் கொடுத்து வாங்கிய ஸ்கூட்டர்

முன்பு வாங்கிப்போட்ட கிரிப்டோ காயின் விலை ஏறியதும், அதைக் கொடுத்து நண்பரின் பழைய ஸ்கூட்டரை வாங்கினேன். வருமான வரி தாக்கல் செய்யத் திருவண்ணாமலையில் ஆடிட்டர் அம்மாவிடம் போனபோது, "போன வருஷம் சொன்ன காயின் என்னாச்சுங்க?" என்று அவராகவே கேட்டார். சொன்னேன்.

"ஏறின லாபத்துக்கு முப்பது பர்சென்ட் வரி கட்டணுங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நான் எங்கேம்மா வித்தேன்? ஒரு ரூபா கைக்கு வரல. செலவுதானே பண்ணேன்!"

"சட்டப்படி அது பணம் இல்லீங்க, சொத்து. மனையைக் குடுத்து வண்டி வாங்கினா, மனையை வித்ததுதானே?"

முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன்.

காயின் கொடுத்து லேப்டாப் வாங்கிய மச்சான் அதைக் கணக்கில் காட்டவில்லை. அவருக்கு வரித்துறை நோட்டீஸ் வந்த அன்றுதான் அந்த அம்மாவின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. மச்சானை அதே ஸ்கூட்டரில் ஏற்றி, நேராக அவரிடமே கூட்டிப்போனேன்.